டேட்டா என்ட்ரி ரெஸ்யூமே: நான்கு எண்களை அளப்பதும் எழுதுவதும்

“வேகமாகத் தட்டச்சு செய்வேன். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் நன்றாகத் தெரியும். கடின உழைப்பாளி.” நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கம் இருந்து டேட்டா என்ட்ரி வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் இந்த மூன்று வரிகளும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அவற்றை முதலில் படிப்பவள் நான்தான். படித்துவிட்டுக் கீழே வைத்தால், யார் எழுதியது என்றுகூட நினைவில் நிற்பதில்லை. வேகம் என்றால் எவ்வளவு? நன்றாகத் தெரியும் என்றால் என்ன செய்யத் தெரியும்? பதில் இருக்காது.

இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது நான்கு விஷயங்களை: தட்டச்சு வேகம், துல்லியம், தெரிந்த மென்பொருள், ஒரு நாளில் முடித்த வேலையின் அளவு. இவற்றை எப்படி அளப்பது, அளந்ததை எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு முதல் முறையாக விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து வேகம், எண் வேகம், துல்லியம், ஒரு நாளின் அளவு ஆகிய நான்கு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். படிக்கிறவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கக் கூடாது.

உதாரணத்துக்கு எங்கள் வட்டாரத்துத் தங்கை ஒருத்தியின் ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவள். செம்பனைப் பழம் வாங்கும் நிலையம் ஒன்றில், நம் ஊர் வழக்கில் சொன்னால் ரேம்ப்பில், ஒரு வருடமாக எடைச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை பார்க்கிறாள். பத்து கவானில் ஒரு லாரி போக்குவரத்து நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தாள். “அக்கா, எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. வெறும் சீட்டு அடிக்கிற வேலைதானே” என்றாள். அந்தச் சீட்டை வைத்துத்தான் முழு ரெஸ்யூமேயும் எழுதினோம்.

முதல் படி: எழுத்து வேகம்

இணையத்தில் தட்டச்சுத் தேர்வுத் தளங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒரு நிமிடத் தேர்வு எழுதி, கிடைத்ததிலேயே பெரிய எண்ணை ரெஸ்யூமேயில் போடுவது வழக்கமாகிவிட்டது. நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு நிமிடம் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம். அதோடு அந்தத் தளங்கள் பல, அடிக்கடி வருகிற எளிய ஆங்கிலச் சொற்களையே கொடுக்கும். அலுவலகத்தில் உங்கள் முன் வைக்கப்போவது மலாய்ப் பெயர்களும் முகவரிகளும் நிறைந்த ஒரு தாள்.

அதனால் தேர்வை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மலாய்க் கடிதத்தையோ செய்தித்தாள் பக்கத்தையோ எதிரே வையுங்கள். கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு மணி வையுங்கள். வேர்டைத் திறந்து, பிழைதிருத்தியை அணைத்துவிட்டு அடியுங்கள். மணி அடித்ததும் நிறுத்திவிட்டு, Review > Word Count போய் Characters (with spaces) என்ற எண்ணைப் பாருங்கள். தட்டச்சில் ஒரு சொல் என்பது அகராதிச் சொல் அல்ல, இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டல். எல்லா இடத்திலும் இதுதான் கணக்கு.

தங்கைக்கு ஐந்து நிமிடத்தில் 1,150 எழுத்து வந்தது. ஐந்தால் வகுத்தால் 230 சொல். தாளோடு ஒப்பிட்டபோது 10 பிழைகள் திருத்தப்படாமல் நின்றன. அவற்றைக் கழித்தால் 220. அதை ஐந்து நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 44 சொல். பிழை கழித்த இந்த எண்ணைத்தான் ரெஸ்யூமேயில் போட வேண்டும், கழிக்காத 46-ஐ அல்ல. வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு பக்கங்களை வைத்து மூன்று முறை செய்து, நடுவில் வருகிற எண்ணை எடுங்கள். மிக நல்ல நாளையும் மிக மோசமான நாளையும் விட்டுவிடலாம்.

தமிழ்த் தட்டச்சு தெரிந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள், இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். அஞ்சல் முறையில் ஒரே ஓர் உயிர்மெய்க்கு இரண்டு மூன்று தட்டல் போகலாம். அதனால் ஐந்து தட்டலுக்கு ஒரு சொல் என்பது தமிழுக்குப் பொருந்தாது. அச்சகத்துக்கோ தமிழ்ப் பத்திரிகைக்கோ விண்ணப்பிக்கும்போது “தமிழ்99” அல்லது “அஞ்சல்” என்று விசைப்பலகை முறையைக் குறிப்பிட்டாலே போதும்.

இரண்டாம் படி: எண் வேகம்

டேட்டா என்ட்ரி வேலையில் பெரும்பகுதி எண்கள்தான். விசைப்பலகையின் வலது பக்கம் இருக்கும் எண் கட்டத்தில், பார்க்காமல் ஒரு கையால் அடிக்கிற வேகத்தை மணிக்கு எத்தனை தட்டல் என்று சொல்வார்கள். விளம்பரங்களில் கே.பி.எச். என்று இருந்தால் இதுதான். நிறையப் பேர் இதை எழுதுவதே இல்லை. இந்த ஒரு வரி இருந்தாலே, எழுதியவருக்கு வேலை தெரியும் என்று எனக்குப் புரிந்துவிடும்.

அளப்பது சுலபம். எக்செலில் A2-இலிருந்து தொடங்கி, பத்து நிமிடம் ஒரே பத்தியில் எண்களை அடித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்டர். பழைய ரசீதுகள், மின்சார பில், எதையும் பார்த்து அடிக்கலாம். தேதிகளைச் சேர்க்காதீர்கள், அவற்றை எக்செல் உள்ளுக்குள் வேறு எண்ணாக வைத்துக்கொள்ளும். சென் பகுதியையும் விட்டுவிடுங்கள், 45.50 என்று அடித்தால் எக்செல் அதை 45.5 என்றே எண்ணும். முடிந்ததும் வேறொரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(LEN(A2:A400))+COUNTA(A2:A400)
```

முதல் பாதி இலக்கங்களை எண்ணும், இரண்டாம் பாதி எண்டர்களை எண்ணும். தங்கை 260 ஐந்திலக்க எண்களை அடித்திருந்தாள். 1,300 இலக்கம், 260 எண்டர், மொத்தம் 1,560. பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க ஆறால் பெருக்கினால் 9,360. இந்த எண்ணைப் பின்னால் மறுபடி எடுக்கப்போகிறோம்.

மூன்றாம் படி: துல்லியம்

ரெஸ்யூமேக்களில் மிக அதிகமாகப் பொய்யாகிப் போகிற எண் இதுதான். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலே பொய்யாகிவிடும், ஏனென்றால் எதற்கு எத்தனை சதவீதம் என்று யாரும் சொல்வதில்லை.

ரேம்ப்பில் ஒரு சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீட்டு எண் ஆறு இலக்கம், தேதி எட்டு, வண்டி எண் ஏழு எழுத்து, பழம் விற்பவரின் குறியீடு ஐந்து, லாரியோடு சேர்த்த மொத்த எடை ஐந்து, வெறும் லாரியின் எடை நான்கு, டன்னுக்கான விலை மூன்று. ஏழு கட்டங்கள், 38 எழுத்துகள். நிகர எடையைக் கணினியே கழித்துக்கொள்ளும்.

இப்படி 50 சீட்டுகளை எடுத்துச் சரிபார்த்தோம். இரண்டு சீட்டுகளில், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இலக்கம் தவறு. இப்போது துல்லியம் எவ்வளவு? எழுத்துக் கணக்கில் 1,900-க்கு இரண்டு பிழை, ஆக 99.9%. கட்டக் கணக்கில் 350-க்கு இரண்டு, ஆக 99.4%. சீட்டுக் கணக்கில் 50-க்கு இரண்டு, ஆக 96%. ஒரே வேலை, ஒரே இரண்டு பிழை, மூன்று எண்கள். மூன்றும் உண்மை. அதனால் “துல்லியம் 99.9%” என்று மொட்டையாக எழுதினால், விஷயம் தெரிந்தவர் “எதில்?” என்றுதான் முதலில் கேட்பார்.

ரெஸ்யூமேக்கு நான் சொல்வது கட்டக் கணக்கை. எழுத்துக் கணக்கு எப்போதும் அழகாகத் தெரியும், ஆனால் முதலாளிக்கு அதனால் பயனில்லை. சீட்டுக் கணக்கு நேர்மையானது, ஆனால் சீட்டில் எத்தனை கட்டம் என்று தெரியாதவருக்கு அது உங்களை அநியாயமாகக் குறைத்துக் காட்டும். கட்டக் கணக்கை எழுதி, எத்தனை கட்டங்களைச் சரிபார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

தட்டச்சுத் தளங்கள் காட்டும் 97% மாதிரியான எண்ணை இந்த இடத்தில் போடவே போடாதீர்கள். 100 தட்டலுக்கு மூன்று பிழை என்றால், 38 எழுத்துள்ள சீட்டுகளில் மூன்றில் இரண்டு பிழையோடு போகும் என்று அர்த்தம். உண்மையில் அப்படி நடப்பதில்லை. சில தளங்கள் நீங்கள் உடனே அழித்துத் திருத்தியதையும் பிழையாக எண்ணுகின்றன. அதனால் அது விரலின் துல்லியமே தவிர, வேலையின் துல்லியம் அல்ல.

சரி, சரிபார்ப்பது எப்படி? அடித்தவரே தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் பாதிப் பிழைகள் கண்ணில் படாமல் போகும். தான் அடித்ததைத் தாளிலும் இருப்பதாகவே கண் நினைத்துக்கொள்ளும். வீட்டில் யாரையாவது தாளை வாசிக்கச் சொல்லி, நீங்கள் திரையைப் பார்ப்பது நல்லது. ஆள் இல்லையென்றால் அதே 50 சீட்டுகளை மறுநாள் இன்னொரு பக்கத்தில் மறுபடி அடியுங்கள். பெரிய நிறுவனங்களிலும் முக்கியமான தரவுகளை இப்படி இரண்டு முறை அடித்து ஒப்பிடுவது உண்டு. மூன்றாவது பக்கத்தின் A2-இல் இதைப் போட்டு, G51 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(EXACT(Sheet1!A2,Sheet2!A2),0,1)
```

அப்புறம் மொத்தம் பார்க்க:

```
=SUM(A2:G51)
```

வேறுபடுகிற கட்டங்களின் எண்ணிக்கை வரும். ஒவ்வொன்றையும் தாளோடு பார்த்து, முதல் முறை அடித்ததில் எது தவறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மண்டோரின் கையெழுத்தில் 1 என்பது 7 போல இருந்து, இரண்டு முறையும் 7 என்றே படித்தால் கணினிக்குத் தெரியாது. அதைப் பிடிக்கக் கட்டின் மொத்தத்தைப் பாருங்கள். அன்றைய சீட்டுகளின் நிகர எடையை ரேம்ப்பில் தனியாகக் கூட்டி வைத்திருப்பார்கள். உங்கள் எக்செல் மொத்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லையென்றால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். 12,480-க்குப் பதில் 12,840 என்று அடித்தால் வித்தியாசம் 360, அதாவது ஒன்பது நாற்பது. டன் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு தவறினால் 288 ரிங்கிட் கூடுதலாகப் போயிருக்கும். தங்கைக்கு இந்த ஒன்பது வித்தை ஏற்கனவே தெரிந்திருந்தது, ரேம்ப்பில் இருந்த வயதான கிராணி சொல்லிக் கொடுத்தாராம். “அதையெல்லாம் எழுதலாமா அக்கா?” என்று கேட்டாள். தாராளமாக எழுதலாம். “தினமும் கட்டு மொத்தத்தோடு ஒப்பிட்டு வித்தியாசங்களைக் கண்டுபிடித்தேன்” என்ற வரி, துல்லியத்தைப் பற்றி எந்தச் சதவீதத்தையும்விட நன்றாகப் பேசும்.

இன்னொன்று: 350 கட்டங்களில் ஒரு பிழைகூட இல்லையென்றாலும் 100% என்று எழுதாதீர்கள். பிழையே வராத ஒரு மாதிரியில், மூன்றை மாதிரியின் அளவால் வகுத்தால், பிழை அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு தோராயமான எல்லை கிடைக்கும். 350-க்கு அது ஏறக்குறைய 0.9%. அதனால் “99%-க்கு மேல், 350 கட்டங்களில்” என்று எழுதினால் போதும். 100% என்று பார்த்தவுடன், இவர் அளந்ததே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான்காம் படி: ஒரு நாளின் அளவு

“தினமும் நிறைய டேட்டா” என்பதில் எண் இல்லை, அலகும் இல்லை. முதலில் அலகைத் தீர்மானியுங்கள். தங்கைக்கு அது எடைச் சீட்டு. தோட்ட அலுவலகத்தில் வேலை செய்தால் செக்ரோல் வரி, கடையில் என்றால் பில். ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வெளியாளுக்குப் புரியும்.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் தினமும் இரண்டு எண்களை மட்டும் குறியுங்கள்: எத்தனை சீட்டு, எத்தனை மணி நேரம் அடித்தேன். வேலை நேரம் எட்டு மணி என்றாலும் அடிக்கிற நேரம் எட்டு மணி அல்ல. தொலைபேசி, கோப்பு, லாரி டிரைவருக்குப் பதில் சொல்வது என்று பாதி நாள் போய்விடும். தங்கைக்குச் சாதாரண நாளில் 180 முதல் 220 சீட்டு வரை வந்தது, அடிக்கிற நேரம் சுமார் மூன்று மணி. பழம் அதிகமாக வரும் நாட்களில் 300-ஐத் தாண்டியது. இரண்டையும் எழுதலாம், ஆனால் தனித்தனியாக. உச்ச நாளின் எண்ணைச் சாதாரண நாளின் எண் போலக் காட்டக் கூடாது.

இப்போது முன்னால் சொன்ன ஒத்துப்போகிற கணக்கு. ஒரு சீட்டுக்கு 38 எழுத்து, ஏழு எண்டர், ஆக 45 தட்டல். 200 சீட்டுக்கு 9,000 தட்டல். மூன்று மணி நேரத்தில் என்றால் மணிக்கு 3,000. அவளுடைய தேர்வு வேகம் 9,360. வேலை வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். குறைவாக இருக்கிறதே என்று தங்கை கவலைப்பட்டாள். கவலைப்பட ஒன்றுமில்லை. சீட்டைப் புரட்ட வேண்டும், மழையில் நனைந்த கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும், குறியீடு இல்லாத புது ஆளுக்கு மண்டோரை அழைத்துக் கேட்க வேண்டும். கையால் எழுதிய தாளிலிருந்து அடிக்கிற யாருக்கும் வேலை வேகம் தேர்வு வேகத்தைவிட நன்றாகக் குறைந்துதான் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, “நாளுக்கு 1,500 சீட்டு” என்று அவள் எழுதியிருந்தால்? 67,500 தட்டல். மணிக்கு 9,360 என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல், தலையே நிமிராமல், ஒரு சீட்டைக்கூடப் புரட்டாமல் அடித்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் ஆகாது. போட்ட பிறகு ரெஸ்யூமேயின் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அனுப்புவதற்கு முன் உங்கள் எண்களை வைத்து நீங்களே இதைப் போட்டுப் பாருங்கள். வேலை வேகம் தேர்வு வேகத்துக்குப் பக்கத்தில் வந்தாலோ தாண்டினாலோ, சீட்டுகளை எண்ணியதிலோ நேரத்தைக் குறித்ததிலோ எங்கோ பிழை இருக்கிறது.

ஐந்தாம் படி: மென்பொருள்

“எக்செல்: மிக நன்று” என்று நட்சத்திரம் போடுவதை விட்டுவிட்டு, எக்செலில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தங்கை எழுதியவை மூன்று: விற்பவரின் குறியீட்டை வைத்து VLOOKUP மூலம் பெயரை எடுப்பது, எடைக் கட்டத்தில் தவறான எண் நுழையாமல் இருக்க Data Validation போடுவது, ஒரே சீட்டு இரண்டு முறை ஏறிவிட்டதா என்று பார்ப்பது.

இங்கே நான் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. ஐ.சி. எண்ணை இடைக்கோடு இல்லாமல் எக்செலில் அடித்தால் என்ன ஆகும்? 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும், எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அதற்கு முன் பிறந்தவர்களின் 12 இலக்கமும் 9.8E+11 என்கிற மாதிரிக் காட்சியளிக்கும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை Text என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு எக்செல் தெரியும் என்று எடுத்துக்கொள்வேன், அவருடைய சான்றிதழ் எதுவாக இருந்தாலும்.

கணக்கு மென்பொருள் பயன்படுத்தியிருந்தால் பெயரோடு எழுதுங்கள். நம் நாட்டில் சிறு நிறுவனங்கள் அதிகம் வைத்திருப்பது எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட், யு.பி.எஸ். மாதிரியானவை. ஆனால் அதில் எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். விலைப்பட்டியல் மட்டும் அடித்தீர்களா, சம்பளமும் பார்த்தீர்களா? பெர்கேசோவின் அசிஸ்ட் தளத்திலோ கே.டபிள்யூ.எஸ்.பி. முதலாளிகளுக்கான ஐ-அக்காவுனிலோ மாதச் சந்தா ஏற்றிய அனுபவம் இருந்தால் அது தனி வரிக்குத் தகுதியானது. தோட்ட அலுவலகத்தில் இருந்தவர்கள் இதை ஏனோ சாதாரணமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

தினமும் பயன்படுத்துவதையும் வகுப்பில் மட்டும் படித்ததையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். “தினமும்”, “பயிற்சியில் மட்டும்” என்று பிரித்துவிட்டால் போதும்.

ஆறாம் படி: பக்கத்தில் ஏற்றுவது

பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஊர். அவ்வளவுதான் மேலே. ஐ.சி. எண், மதம், அப்பா அம்மாவின் தொழில் எல்லாம் இந்தக் கட்டத்தில் தேவையில்லை, வேலை கிடைத்த பிறகு கேட்பார்கள். அதற்கு அடியிலேயே நான்கு எண்களும் வர வேண்டும். தங்கையின் ரெஸ்யூமேயில் அந்தப் பகுதி இப்படி இருந்தது. நீங்கள் அனுப்பும்போது நிறுவனம் கேட்கிற மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளுங்கள்.

> தட்டச்சு: நிமிடத்துக்கு 44 சொல் (மலாய், 5 நிமிடத் தேர்வு, பிழை கழித்தது). எண் கட்டத்தில் மணிக்கு சுமார் 9,300 தட்டல்.
>
> துல்லியம்: 350 கட்டங்களை இரண்டு முறை அடித்து ஒப்பிட்டதில் 99.4%.
>
> நாளளவு: 180–220 எடைச் சீட்டுகள் (சீட்டுக்கு 7 கட்டம், கையெழுத்துத் தாளிலிருந்து, சுமார் 3 மணி நேரம்). உச்ச நாளில் 300-க்கு மேல்.
>
> மென்பொருள்: எக்செல் (தினமும்: VLOOKUP, Data Validation, இரட்டைப் பதிவு நீக்கம்). எஸ்.கியூ.எல். அக்கவுண்ட் (பயிற்சியில் மட்டும்).

9,360-ஐ “சுமார் 9,300” என்று குறைத்ததைக் கவனியுங்கள். வேறு விசைப்பலகையில், பதற்றத்தில், கடைசி அறுபது வராது.

இதற்குக் கீழே வேலை அனுபவம். நிறுவனம், மாதம், வருடம், இரண்டு மூன்று வரிகள். மேலே சொன்ன எண்களை இங்கே மறுபடி எழுத வேண்டாம். கட்டு மொத்தம் ஒப்பிட்டது, புது ஆளுக்குக் குறியீடு திறந்தது, மாத முடிவில் அறிக்கை எடுத்தது என்று எண்ணில் அடங்காதவற்றைச் சொல்லுங்கள். பிறகு படிப்பு, மொழிகள். ஒரு பக்கம் போதும். பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்புங்கள், மைஃபியூச்சர்ஜாப்ஸ் மாதிரியான தளங்களில் சுருக்கம் கேட்கிற கட்டத்தில் அந்த நான்கு வரிகளையே போடலாம்.

மாதிரி வேலை என்று சொல்லி, ரேம்ப்பின் எக்செல் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் விற்பவர்களின் பெயர், ஐ.சி., வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அது உங்களுடைய தரவு அல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013-இலிருந்தே நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதை விடுங்கள், பழைய முதலாளியின் கோப்பை எனக்கு அனுப்புகிறவர் நாளை எங்கள் கோப்பை யாருக்கு அனுப்புவாரோ என்றுதான் முதலில் தோன்றும்.

வேலை அனுபவமே இல்லையென்றால்

வேகத்தையும் எண் வேகத்தையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். நாளளவுக்கும் துல்லியத்துக்கும் உண்மையான தாள்கள் வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழா முடிந்ததும் நன்கொடை ரசீதுப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும், கணக்கை ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். தலைவரிடம் கேட்டு நீங்கள் ஏற்றிக் கொடுங்கள். ரசீது எண், தேதி, பெயர், தொகை என்று நான்கு கட்டம். புத்தகத்தின் அடிக்கட்டை மொத்தம்தான் உங்கள் கட்டு மொத்தம். தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இப்படிப் பட்டியல்கள் இருக்கும். “தன்னார்வப் பணி” என்ற தலைப்பில், எத்தனை ரசீது, எத்தனை நாளில், எத்தனை பிழை என்று எழுதுங்கள். சம்பளம் வாங்காத வேலை என்பதால் எண்ணின் மதிப்பு குறையாது. சம்பளம் வாங்கிய வேலை போலக் காட்டினால்தான் குறையும்.

அழைப்பு வந்தால்

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் அடிக்கச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் 30 வரிகள் கொடுப்போம், அதில் வேண்டுமென்றே ஒன்றிரண்டு தெளிவில்லாத எண்களும் இருக்கும். ஊகித்து அடிக்கிறாரா, குறித்து வைத்துக் கேட்கிறாரா என்று பார்க்கத்தான். கேட்பவருக்கே மதிப்பெண் அதிகம்.

உட்கார்ந்ததும் Num Lock விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் எண்களுக்குப் பதில் கர்சர் இங்கும் அங்கும் ஓடும், முதல் அரை நிமிடம் அதிலேயே போய்விடும். சில இடங்களில் எண் கட்டமே இல்லாத மடிக்கணினியைக் கொடுப்பார்கள். அப்போது வெளி விசைப்பலகை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்று சொன்னால், “என் எண் வேகம் எண் கட்டத்தில் அளந்தது, மேல் வரிசையில் குறையும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நோட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 200 சீட்டு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.